ஆஸ்திரேலிய வங்கி வட்டிக்கு இந்தியாவில் வரி: எந்த நாளின் டாலர் மதிப்பு?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு 2021 ஜூனில் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டேன். அங்கே 40,000 டாலர் டெர்ம் டெபாசிட் இன்னும் ஓடுகிறது. வங்கியில் என்னை வெளிநாட்டில் வசிப்பவர் என்று மாற்றிக்கொண்டார்கள், வட்டியில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். 2024-25-க்கு இந்த வட்டியை ரூபாயில் எப்படிக் காட்டுவது? வட்டி வந்த அன்றைக்கு கூகுளில் இருந்த ரேட் போதுமா? அங்கே பிடித்த வரி இங்கே கழியுமா?

பதில்:

கூகுள் ரேட் செல்லாது. ரிசர்வ் வங்கியின் ரெஃபரன்ஸ் ரேட்டும் செல்லாது. ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா வெளியிடும் `TT` பையிங் ரேட், அதாவது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபராக வரும் வெளிநாட்டுப் பணத்தை அந்த வங்கி வாங்கிக்கொள்ளும் ரேட்தான் சட்டம் கேட்பது. எந்த நாளின் ரேட் என்பதில்தான் சிக்கல். இந்த ஒரே டெபாசிட்டுக்கு உங்கள் ரிட்டர்னில் மூன்று விதமான தேதிகளின் ரேட் வரும்: வட்டிக்கு ஒன்று, அங்கே பிடித்த வரிக்கு வேறொன்று, வெளிநாட்டுச் சொத்து அட்டவணைக்கு இன்னொன்று. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை.

அதற்கு முன், இந்த வட்டிக்கு இந்தியாவில் வரி உண்டா என்பதைப் பார்த்துவிடுவோம். திரும்பி வந்தவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் 'ரெசிடென்ட், ஆனால் நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்' என்ற இடைப்பட்ட நிலை கிடைக்கும். அந்த நிலையில் வெளிநாட்டு வங்கி வட்டிக்கு இங்கே வரி இல்லை. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு நான்-ரெசிடென்டாக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். நீங்கள் 2021 ஜூனிலிருந்து இங்கேயே இருப்பதால் 2024-25-க்கு இரண்டுமே பொருந்தாது. முந்தைய பத்தில் மூன்று ஆண்டுகள் நீங்கள் ரெசிடென்ட், நாள் கணக்கோ ஆயிரத்தைத் தொட்டிருக்கும். ஆகவே நீங்கள் முழு ரெசிடென்ட், உலகில் எங்கே வந்த வருமானமும் இங்கே கணக்கில் வரும். பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லையே என்பது இதற்குப் பதில் ஆகாது.

சரி, வட்டிக்கு வருவோம். வருமான வரி விதிகள் 1962-இல் விதி 115 தான் ரூபாய்க்கு மாற்றும் விதி. சம்பளத்துக்கும் பங்கு ஈவுத்தொகைக்கும் மூலதன ஆதாயத்துக்கும் அது 'முந்தைய மாதத்தின் கடைசி நாள்' ரேட்டைச் சொல்கிறது. இணையத்தில் பலர் இதைப் பார்த்துவிட்டு வங்கி வட்டிக்கும் அதுவே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விதியின் இரண்டாம் விளக்கத்தைக் கீழே வரை படித்தால் வேறு மாதிரி இருக்கும். 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வருவதற்கு, ஈவுத்தொகையும் கடன்பத்திர வட்டியும் நீங்கலாக, நிதியாண்டின் கடைசி நாள்தான் குறிப்பிட்ட தேதி. டெர்ம் டெபாசிட் கடன்பத்திரம் ஆகாது. அதனால் வருஷத்தில் எத்தனை முறை வட்டி வந்தாலும், எந்த மாதம் வந்தாலும், எல்லாவற்றையும் டாலரிலேயே கூட்டி, மார்ச் 31-ன் ஒரே ரேட்டால் பெருக்கினால் போதும். உண்மையில் இதுதான் சுலபமான வழியும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மார்ச் 31-க்கு முன்பே வட்டியை முறைப்படி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பகுதிக்கு இந்த ரேட் பொருந்தாது என்று அதே விதியின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அப்போது உங்கள் இந்தியக் கணக்கில் அந்த டாலருக்கு எத்தனை ரூபாய் மதிப்பு போட்டு வந்ததோ அதை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அங்கேயே விட்டு வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உதாரணத்துக்கு, 2024 மார்ச் 15 அன்று 4.5 சதவீதத்துக்குப் போட்ட டெபாசிட் என்று வைத்துக்கொள்வோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2024 செப்டம்பர் 15-ல் 900 டாலர், 2025 மார்ச் 15-ல் 900 டாலர். ஒவ்வொரு முறையும் வங்கி 90 டாலர் பிடித்துக்கொண்டு 810 தருகிறது. கீழே வரும் ரேட்டுகள் கணக்கு புரிவதற்காக நான் போட்டுக்கொண்டவை, நீங்கள் ஸ்டேட் பாங்க் தாளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

```
2024 ஆகஸ்ட் 31      55.50
2025 பிப்ரவரி 28    53.25
2025 மார்ச் 31      52.50
```

வருமானமாகக் காட்ட வேண்டியது 1,800 டாலர். கைக்கு வந்த 1,620 அல்ல. ஸ்டேட்மென்டில் கணக்கில் ஏறிய தொகையை மட்டும் பார்த்து நிகரத்தைக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். நிகரத்தைக் காட்டிவிட்டு வரிக் கழிவும் கேட்டால், பிடித்த வரியை இரண்டு முறை கழித்ததாக ஆகிவிடும்.

```
1,800 × 52.50 = ரூ. 94,500
```

இதுதான் உங்கள் வட்டி வருமானம். முந்தைய மாத ரேட் என்று தவறாகப் போட்டிருந்தால் 900 × 55.50, 900 × 53.25 இரண்டும் சேர்ந்து ரூ. 97,875 வந்திருக்கும். 3,375 ரூபாய் அதிகமாகக் காட்டியிருப்பீர்கள். டாலர் ஏறுமுகமாக இருக்கும் வருஷத்தில் இதே தவறு குறைத்துக் காட்டியதாக முடியும், அப்போதுதான் நோட்டீஸ் வரும்.

இந்தத் தொகைகளை ஆஸ்திரேலிய வங்கி தரும் ஆண்டு வட்டிச் சான்றிதழிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே நிதியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை. நம் ஏப்ரல்-மார்ச்சுக்கு அந்தத் தாள் பொருந்தாது. கணக்கு ஸ்டேட்மென்டை ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை தேதி போட்டு இறக்கி, வட்டித் தொகைகளையும் வரிப் பிடித்தத்தையும் தனித்தனியாக நீங்களே கூட்டுங்கள்.

அடுத்தது, அங்கே பிடித்த வரி. இதற்கு விதி 115 கிடையாது, விதி 128. அது வேறு தேதியைச் சொல்கிறது: வரி பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். செப்டம்பரில் பிடித்ததற்கு ஆகஸ்ட் 31, மார்ச்சில் பிடித்ததற்கு பிப்ரவரி 28.

```
90 × 55.50 = 4,995.00
90 × 53.25 = 4,792.50
மொத்தம்    = ரூ. 9,787.50
```

94,500-ல் பத்து சதவீதம் 9,450 தானே, 9,787.50 எப்படி வரும் என்று தோன்றும். இரண்டும் வெவ்வேறு நாளின் ரேட்டில் மாறியவை, அதனால் பொருந்தாது, பொருந்தவும் தேவையில்லை. இந்தியா-ஆஸ்திரேலியா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு வட்டிக்கு 15 சதவீதம் வரை அங்கே வரி போட அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவரின் வங்கி வட்டிக்கு 10 சதவீதம்தான் பிடிக்கிறார்கள், அத்தோடு அங்கே கணக்கு முடிந்தது. ஆகவே ஒப்பந்த வரம்பில் பிரச்சினை இல்லை. வங்கிக்கு வரி எண்ணும் தராமல் வெளிநாட்டு முகவரியும் தராமல் விட்டவர்களுக்கு 47 சதவீதம் பிடித்திருப்பார்கள். அந்த அதிகப்படியை இந்தியா ஏற்காது, ஒப்பந்தத்துக்கு மேல் கட்டிய வரி கழிவில் சேராது என்று விதி 128 தெளிவாகச் சொல்கிறது. அதை ஆஸ்திரேலியாவிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். நீங்கள் முகவரியைச் சரியாக மாற்றியதால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

இப்போது முக்கியமான கேள்வி: இந்த 9,787.50 முழுவதும் கழியுமா? எப்போதும் கழியாது. அங்கே கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 'அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி' என்பதைச் சராசரி விகிதத்தில்தான் ஆடிட்டர்கள் கணக்கிடுகிறார்கள், அதாவது செஸ் சேர்த்த மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்து. கடைசி ஸ்லாபின் விகிதத்தைப் போட வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் சராசரியைத்தான் போடச் சொல்வேன், கேள்வி வந்தால் பதில் சொல்வது எளிது.

உங்கள் இந்திய வருமானம், நிலையான கழிவு போக, 12,05,500 என்று வைத்துக்கொள்வோம், புதிய வரி முறை. வட்டியைச் சேர்த்தால் மொத்தம் சரியாக 13,00,000. 2024-25 ஸ்லாபின்படி வரி 1,00,000, நான்கு சதவீத செஸ் சேர்த்து 1,04,000.

```
சராசரி விகிதம்             1,04,000 ÷ 13,00,000 = 8%
வட்டிக்கு இந்தியாவில் வரி  94,500 × 8%          = ரூ. 7,560
அங்கே கட்டிய வரி                                = ரூ. 9,787.50
கிடைக்கும் கழிவு                                = ரூ. 7,560
```

மிச்சம் 2,227.50 போனதுதான். ரீஃபண்டாகவும் வராது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துப்போக முடியாது. இதே வட்டிக்கு உங்கள் மொத்த வருமானம் சுமார் பதினைந்தரை லட்சத்தைத் தாண்டியிருந்தால் சராசரி விகிதம் போதுமான அளவு ஏறி முழுக் கழிவும் கிடைத்திருக்கும். எதிர்ப்பக்கம், 87ஏ தள்ளுபடியால் இங்கே வரியே பூஜ்யமாகிறவர்களுக்கு, கழிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஆக, இந்த வட்டியால் உங்கள் கைக்காசு எவ்வளவு போகிறது? வட்டி இல்லாமல் 12,05,500-க்கு வரி 84,344. வட்டியோடு 1,04,000. வித்தியாசம் 19,656, அதில் கழிவு 7,560 போக 12,096 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

இனி இதை எங்கே நிரப்புவது. வெளிநாட்டுக் கணக்கு இருக்கிறவர்களுக்கு ஐடிஆர்-1 கிடையாது. சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-2. 94,500-ஐ முதலில் `Schedule OS`-ல் வட்டியாகச் சேர்க்க வேண்டும், பிறகு அதையே `Schedule FSI`-ல் நாட்டுவாரியாகக் காட்ட வேண்டும். பின்னதில் போட்டால் தானாக வருமானத்தில் சேர்ந்துவிடும் என்று நினைத்து முன்னதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தானாகச் சேராது. கழிவின் தொகுப்பு `Schedule TR`-ல் வரும். இதோடு போர்ட்டலில் `Form 67` தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஒப்பந்தப் பிரிவு 11, ஒப்பந்த விகிதம் 15 சதவீதம், கட்டிய வரி, இந்தியாவில் வரும் வரி எல்லாம் கேட்பார்கள். ஆதாரமாக வரிப் பிடித்தம் தெரியும் ஸ்டேட்மென்டை இணைத்தால் போதும், ஆடிட்டர் கையெழுத்து தேவையில்லை. 2022-இல் விதி திருத்தப்பட்ட பிறகு, ரிட்டர்ன் உரிய காலத்தில் போட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டு முடியும் வரை, அதாவது உங்கள் விஷயத்தில் 2026 மார்ச் 31 வரை, இந்தப் படிவத்துக்கு அவகாசம். ஆனால் ரிட்டர்னுக்கு முன்பே போட்டுவிடுங்கள். படிவம் இல்லாமல் ரிட்டர்ன் ப்ராசஸ் ஆனால் கழிவைத் தட்டிவிட்டு டிமாண்ட் அனுப்புவார்கள், பிறகு ரெக்டிஃபிகேஷன் என்று அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது ரேட்டுக்கு வருவோம், `Schedule FA`. இதில் வரி எதுவும் இல்லை, தகவல் மட்டும்தான். ஆனால் இது நிதியாண்டைப் பின்பற்றாது, காலண்டர் ஆண்டைப் பின்பற்றும். 2024-25 ரிட்டர்னுக்கு 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. கணக்கில் அதிகபட்சமாக இருந்த தொகையை அது இருந்த நாளின் ரேட்டிலும், ஆண்டு முடிவு இருப்பை டிசம்பர் 31 ரேட்டிலும் மாற்ற வேண்டும். வட்டியாக உங்கள் உதாரணத்தில் செப்டம்பரில் வந்த 900 டாலர் மட்டும்தான் இங்கே வரும். மார்ச் 2025-ல் வந்தது அடுத்த ரிட்டர்னின் அட்டவணைக்குப் போகும். ஆக ஒரே ரிட்டர்னில் ஓரிடத்தில் 1,800-க்கும் இன்னோரிடத்தில் 900-க்கும் ரூபாய் மதிப்பு இருக்கும். அது முரண்பாடு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். வட்டி போய்ச் சேரும் சேமிப்புக் கணக்கையும் அட்டவணையில் தனி வரிசையாகக் காட்ட மறக்காதீர்கள்.

இந்த அட்டவணையை விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க முடியும். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். உங்கள் 40,000 டாலர் இன்றைய மதிப்பில் 20 லட்சத்துக்கு மேல் போகிறது, அந்தச் சலுகையை நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் கணக்குத் தகவல்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன, அதுவும் காலண்டர் ஆண்டுக் கணக்கில்தான் வருகிறது. துறை ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த அட்டவணையோடுதான்.

ரேட்டை எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட் பாங்க் தளத்தில் `Forex Card Rates` என்று ஒரு பிடிஎஃப் தினமும் வரும். அதில் `TT BUY` என்ற நெடுவரிசைதான் உங்களுக்கு. பக்கத்திலேயே `TT SELL`, `BILL BUY`, நோட்டு வாங்கும் ரேட் எல்லாம் இருக்கும், கண் தவறினால் ஒன்றிரண்டு ரூபாய் மாறிவிடும். பழைய தாள்கள் அந்தப் பக்கத்தில் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு பிடிஎஃபை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. தவறவிட்டவர்களுக்கு, ஆர்வலர்கள் சிலர் தினத் தாள்களைச் சேமித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்தாலும் அந்த நாளின் பிடிஎஃபையே எடுங்கள், வெறும் எண்ணை நம்பாதீர்கள். கடைசி நாள் விடுமுறையாகிவிட்டால் அதற்கு முந்தைய வேலை நாளின் தாளை எடுப்பதுதான் வழக்கம். 2024 ஆகஸ்ட் 31 சனிக்கிழமை, 2025 மார்ச் 31 ரம்ஜான் பெருநாள். இரண்டுமே உங்கள் கணக்கில் வரும் தேதிகள், எந்தத் தேதித் தாளை எடுத்தீர்கள் என்று ஸ்டேட்மென்ட் நகலிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொன்று, டெபாசிட்டின் அசல். அது வருஷ ஆரம்பத்தில் 21 லட்சமாக இருந்து முடிவில் 22 லட்சமாகத் தெரிந்தால் அந்த ஒரு லட்சம் வட்டி அல்ல. அசல் டாலரிலேயே இருக்கிறது, ரேட் மட்டும் மாறியிருக்கிறது. அதை வட்டியோடு சேர்த்துக் காட்டாதீர்கள்.

கடைசியாக அட்வான்ஸ் டேக்ஸ். இந்த வட்டிக்கு இந்தியாவில் டிடிஎஸ் கிடையாது. உங்கள் நிறுவனம் சம்பளத்துக்கு மட்டும் 84,344 பிடித்திருந்தால் பாக்கி 12,096, அது பத்தாயிரத்துக்கு மேல். அப்படியானால் அட்வான்ஸ் டேக்ஸ் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 234பி, 234சி வட்டி சேரும். கடைசித் தவணை மார்ச் 15, ரேட் தெரிவதோ மார்ச் 31. அதனால் மார்ச் மாத நடப்பு ரேட்டில் தோராயமாகப் போட்டு, கொஞ்சம் கூட்டியே கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஜனவரி வாக்கிலேயே நிறுவனத்திடம் 'இதர வருமானம்' என்று அறிவித்துச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம், தேதி நினைவில் நிற்காதவர்களுக்கு அதுவே வசதி. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும், நான் மேலே சொன்ன பிரிவு எண்களையும் விதி எண்களையும் அந்த ஆண்டு ரிட்டர்னுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.